அம்மாவின் கையெழுத்து செல்லாது

1995-ஆம் ஆண்டு மே மாதம். டெல்லியில் 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண், ஒன்பது நாட்களாக நிற்காத உதிரப்போக்குடன் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். காரணம் தெளிவாகத் தெரியவில்லை. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் சிறு குழாயை விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி சோதனை செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். மே 10 அன்று அந்தப் பெண் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். லேப்ராஸ்கோப்பி சோதனை, அதையொட்டிய சிகிச்சை, தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்க்கும் லேப்ராட்டமி ஆகியவையே அந்தப் படிவத்தில் இருந்தன.

அவர் மயக்கத்தில் இருந்தபோது தியேட்டரிலிருந்து ஒரு மருத்துவர் வெளியே வந்தார். கருப்பையை எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கண் விழித்த பெண்ணுக்குக் கருப்பை இல்லை, சினைப்பைகளும் இல்லை, கருக்குழாய்களும் இல்லை.

மருத்துவர் தரப்புக்கு வாதம் இல்லாமல் இல்லை. உள்ளே பார்த்தபோது கருப்பை உட்படலம் வேறு இடங்களில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் இருந்தது. அதற்குக் கருப்பையை எடுப்பது ஏற்கப்பட்ட சிகிச்சைகளில் ஒன்று. மயக்கத்தில் இருக்கும்போதே முடித்துவிட்டால் இரண்டாவது அறுவை வேண்டாம், இரண்டாவது செலவும் வேண்டாம். பெற்ற தாயும் சம்மதித்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் இதை ஏற்று, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்ட அந்தப் பெண்ணின் மனுவை 2003-இல் தள்ளுபடி செய்தது.

அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2008 ஜனவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வுக்காக நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு, ‘சமீரா கோலி வழக்கு’ என்ற பெயரில் இன்று நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. நோயாளி வயது வந்தவர். சுயநினைவோடு முடிவெடுக்கும் திறன் உள்ளவர். மயக்கம் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. அப்படியிருக்க, அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும். தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது என்றும் சொன்னது.

ஆனால், கிடைத்த தொகை 25 ஆயிரம் ரூபாய். மருத்துவர் தன் கட்டணத்தையும் வாங்கக் கூடாது என்றது தீர்ப்பு. நல்லெண்ணத்தோடும் நோயாளியின் நன்மைக்காகவும் செய்யப்பட்டது என்பதால் இழப்பீடு இந்த அளவோடு நின்றது.

இரண்டு தவறுகள், இரண்டு கேள்விகள்

இந்த வழக்கின் ஆழம் புரிய, ‘டார்ட்’ என்று வழக்கறிஞர்கள் சொல்லும் தீங்கியல் சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சிகிச்சை தொடர்பாக ஒரு மருத்துவர் அங்கே இரண்டு வகையில் பொறுப்பாளி ஆகலாம்.

ஒப்புதலே இல்லாமல் உடலைத் தொடுவது, வெட்டுவது ஒரு வகை. அது அத்துமீறல். அங்கே மருத்துவரின் திறமை கேள்வியே இல்லை. அறுவை அருமையாக நடந்திருந்தாலும் அது தவறுதான். டெல்லி வழக்கு இந்த வகையைச் சேர்ந்தது.

ஒப்புதல் இருந்தும், அதைக் கொடுப்பதற்குத் தேவையான தகவலைச் சொல்லாமல் விடுவது இன்னொரு வகை. ‘சரி’ என்று நோயாளி சொன்னார். ஆனால் எந்த ஆபத்துக்குச் சரி என்கிறோம் என்று தெரியாமல் சொன்னார். இது கவனக்குறைவு என்ற கணக்கில் வரும். இங்கேதான் சிக்கலான கேள்வி எழுகிறது. எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற அளவுகோலை வைத்திருப்பது யார்? மருத்துவர்களா, நோயாளியா?

பல பத்தாண்டுகளாகச் சட்டம் சொன்ன பதில்: மருத்துவர்கள். அந்தப் பதில் பிறந்த இடம் லண்டன்.

போலம் தந்த அளவுகோல்

1954-இல் லண்டனின் ஃப்ரையர்ன் மனநல மருத்துவமனையில் மனச்சோர்வுக்கு மின்அதிர்ச்சி சிகிச்சை பெற்றார் போலம் என்ற நோயாளி. அந்தச் சிகிச்சையின்போது உடல் கடுமையாக வெட்டி இழுக்கும். தசைகளைத் தளர்த்தும் மருந்து அவருக்குக் கொடுக்கப்படவில்லை. கை கால்களை அழுத்திப் பிடிக்கவும் இல்லை. எலும்பு முறியலாம் என்று முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. அவருடைய இரண்டு பக்க இடுப்பு மூட்டுக் குழிகளும் உடைந்தன.

1957-இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, மருத்துவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். தளர்த்தும் மருந்து கட்டாயம் என்றார்கள் சிலர். அந்த மருந்துக்கே உயிராபத்து உண்டு, அதனால் கொடுப்பதில்லை என்றார்கள் மற்றவர்கள். ஜூரிகளுக்கு நீதிபதி மெக்நேர் சொன்ன விளக்கம்தான் பிறகு உலகெங்கும் பரவியது. அந்தத் துறையில் தேர்ந்த, பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு பகுதியினர் சரியென்று ஏற்கும் முறைப்படி நடந்துகொண்ட மருத்துவர் கவனக்குறைவானவர் அல்லர். வேறொரு பகுதியினர் மாற்றுக் கருத்து வைத்திருப்பதால் மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஜூரிகள் மருத்துவமனைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள்.

சிகிச்சை முறையைப் பொறுத்தவரை இது நியாயமான அளவுகோல். ஒரே நோய்க்கு இரண்டு மரியாதையான வழிகள் இருக்கும்போது, ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டிராத நீதிபதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைக் குற்றமாக்க முடியாது. அப்படிச் செய்தால் மருத்துவர்கள் நோயாளிக்கு ஏற்றதை விட்டுவிட்டு, வழக்கு வராத சிகிச்சையைத் தேடுவார்கள். இந்தியாவிலும் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலையே ஏற்றது. அது வெறும் கவசமாகிவிடக் கூடாது என்பதற்காக 1997-இல் பொலித்தோ வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஒரு நிபந்தனை சேர்த்தது. நான்கு நிபுணர்கள் வந்து சாட்சி சொன்னால் மட்டும் போதாது. அவர்களின் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும். ஆபத்தையும் பலனையும் அவர்கள் எடைபோட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

குறை வேறிடத்தில் இருந்தது. போலம் வழக்கில் ‘மருந்து கொடுக்கவில்லை’ என்ற புகாரும் ‘எச்சரிக்கவில்லை’ என்ற புகாரும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. எந்த ஊசி போடுவது என்பது மருத்துவ அறிவு சார்ந்த முடிவு. என் உடலுக்கு எந்த ஆபத்தை நான் ஏற்பேன் என்பது அப்படிப்பட்டதல்ல. அதற்குப் பட்டம் தேவையில்லை, தகவல்தான் தேவை.

1985-இல் சைடவே வழக்கில் இந்தக் கேள்வி பிரபுக்கள் சபைக்கே வந்தது. கழுத்து, தோள் வலிக்காக அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டது. அந்த ஆபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அது அவருக்குச் சொல்லப்படவில்லை என்பது புகார். அறுவை செய்தவர் விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டதால் என்ன பேசப்பட்டது என்பதையே முழுமையாக அறிய முடியவில்லை. அந்தப் பெண் வழக்கில் தோற்றார். சொல்வதா வேண்டாமா என்பதை மருத்துவ வழக்கத்திடம் விடக் கூடாது, நோயாளியின் உரிமையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நீதிபதி ஸ்கார்மன் மட்டும் எழுதிவைத்தார். அவருடைய குரலுக்குப் பெரும்பான்மை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

பன்னிரண்டு நிமிடங்கள்

1999 அக்டோபர் 1. ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷயரில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனை. மாண்ட்கோமரி என்ற பெண்ணுக்கு முதல் பிரசவம். ஐந்தடிக்குச் சற்றே கூடுதலான உயரம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி. சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தை பெரிதாக வளரும். எடை தோள்பட்டைப் பகுதியில் கூடும். சுகப்பிரசவத்தில் தலை வெளிவந்த பிறகு தோள் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும் அபாயம், சர்க்கரை நோயுள்ள தாய்மார்களுக்கு 9 முதல் 10 சதவீதம்.

இது அவருக்குச் சொல்லப்படவில்லை. குழந்தை பெரிதாக இருக்கிறதே, சுகப்பிரசவம் ஆகுமா என்று அவர் பலமுறை கவலையைத் தெரிவித்திருந்தார். ஆனால் ‘தோள் மாட்டிக்கொள்ளுமா?’ என்று குறிப்பாகக் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு மருத்துவர் நீதிமன்றத்தில் வெளிப்படையான காரணம் தந்தார். தோள் மாட்டினாலும் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு வருவது மிக அரிது. இதைச் சொன்னால் சர்க்கரை நோயுள்ள பெண்கள் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள். அது அவர்களுக்கு நல்லதல்ல.

அன்று தோள் மாட்டிக்கொண்டது. தலை வெளியே வந்ததற்கும் குழந்தை முழுமையாகப் பிறந்ததற்கும் இடையே 12 நிமிடங்கள் போயின. கொடி அழுந்தி மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. 4.25 கிலோ எடையோடு பிறந்த ஆண் குழந்தைக்குப் பெருமூளை வாதம். கை நரம்புகளிலும் சேதம்.

ஸ்காட்லாந்தின் இரண்டு நீதிமன்றங்களில் அந்தத் தாய் தோற்றார். சொல்லாமல் விடுவதை ஏற்கும் பொறுப்புள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதே காரணம். 2015 மார்ச் 11 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதைப் புரட்டிப்போட்டார்கள்.

இனி அளவுகோல் நோயாளியின் பக்கம் என்றது தீர்ப்பு. அந்த நோயாளியின் நிலையில் இருக்கும் நியாயமாகச் சிந்திக்கும் ஒரு மனிதர் முக்கியம் என்று கருதக்கூடிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் குறிப்பிட்ட நோயாளி முக்கியமாகக் கருதுவார் என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தால், அதையும் சொல்ல வேண்டும். மாற்று வழிகளையும் அவற்றின் ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். ஒரு ஆபத்து முக்கியமா என்பதை வெறும் சதவீதம் முடிவு செய்யாது. படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. புரியாத புள்ளிவிவரங்களைக் கொட்டுவதாலும் தீராது.

‘அவர் கேட்கவில்லையே’ என்ற வாதத்துக்கும் தீர்ப்பில் பதில் இருந்தது. குறைவாகத் தெரிந்தவருக்கு எதைக் கேட்பது என்றே தெரியாது. கேட்டால்தான் சொல்வோம் என்று சட்டம் வைத்தால், அதிகம் அறியாதவரே அதிகம் இழப்பார்.

அந்தத் தாய் இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் சிசேரியனைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று காட்டினால்தான் இழப்பீடு உண்டு. இந்த வகை வழக்குகளில் பலர் தோற்பது இந்தப் படியில்தான். சொல்லியிருந்தாலும் அதே சிகிச்சைக்குத்தான் சம்மதித்திருப்பீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். இங்கே அதற்கு வழியில்லாமல் போனது. சொன்னால் சிசேரியன் கேட்பார்கள், அதனால் சொல்லவில்லை என்று மருத்துவர் சொன்ன அதே சாட்சியம் தாய்க்கு ஆதாரமாயிற்று. 52.5 லட்சம் பவுண்டு இழப்பீடு கிடைத்தது. அப்போது அந்தச் சிறுவனுக்கு 15 வயது.

நம் நாட்டில் எந்த அளவுகோல்?

2008-இல் டெல்லி வழக்கைத் தீர்த்தபோது நம் உச்ச நீதிமன்றத்தின் முன் இரண்டு வழிகளும் இருந்தன. நோயாளியின் பக்கமிருந்து அளக்கும் அமெரிக்க முறை 1972-இலேயே வந்துவிட்டது. நம் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏழைகள் நிறைந்த நாடு, பெரும்பாலான நோயாளிகள் மருத்துவரையே நம்பி வருகிறவர்கள், சட்டம் கடுமையானால் செலவு ஏறும் என்பன அதன் கவலைகள்.

2008 தீர்ப்பின்படி நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும். சிகிச்சை என்ன, எதற்காக, என்ன பலன் என்பது முதலாவது. மாற்று வழி இருந்தால் அது என்ன என்பது இரண்டாவது. குறிப்பிடத்தக்க ஆபத்துகள் மூன்றாவது. சிகிச்சை வேண்டாம் என்றால் என்ன நேரும் என்பது நான்காவது. நல்ல பட்டியல்தான். ஆனால் இவற்றை எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதை, அந்தத் துறை மருத்துவர்கள் வழக்கமாக ஏற்கும் அளவிடமே தீர்ப்பு விட்டுவிட்டது. ஒப்புதல் வாங்கியே ஆக வேண்டும் என்பதில் உறுதியாக நின்ற தீர்ப்பு, எவ்வளவு சொல்வது என்பதில் 1957-க்குத் திரும்பியது.

படிப்பறிவு குறைவு என்பதைச் சொல்லாமலிருக்கக் காரணமாக்குவது பொருந்தாது. படிக்காதவருக்கு இன்னும் எளிமையாக, அவர் மொழியில் சொல்ல வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். சென்னை எழும்பூரில் நடந்தது இதைக் காட்டுகிறது.

1996 ஆகஸ்டில், 29-ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை அங்கே அரசுத் தாய் சேய் மருத்துவமனையில் பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படி முன்கூட்டிப் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் ரத்த நாளங்கள் கோணலாக வளரும் ஆர்.ஓ.பி. என்ற நோய் வரலாம். பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் கண்டுபிடிக்கலாம்; லேசர் போன்ற சிகிச்சையால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. அந்த அவகாசம் தாண்டினால் பார்வை போய்விடும். பரிசோதனையும் நடக்கவில்லை, பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. குழந்தை இரண்டு கண் பார்வையையும் இழந்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அந்தப் பெற்றோருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லப்பட்டிருந்தால் அவர்கள் கண் மருத்துவரிடம் ஓடியிருப்பார்கள். அதற்கு எந்தப் படிப்பும் தேவைப்பட்டிருக்காது.

காற்று இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது. 2019-இல் அருண் குமார் மாங்க்லிக் வழக்கில், போலம் அளவுகோல் பிற்காலத் தீர்ப்புகளுக்கு ஏற்ப வளர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பரில், ஆர்.ஓ.பி. தொடர்பான இன்னொரு வழக்கில் மாண்ட்கோமரி தீர்ப்பையும் எடுத்துப் பேசியது. ஆனால் 2008 தீர்ப்பு மூன்று நீதிபதிகள் அமர்வு தந்தது. அதை வெளிப்படையாக மாற்ற அதைவிடப் பெரிய அமர்வு வேண்டும்.

மருத்துவரின் பக்கம்

நோயாளி பக்கம் அளவுகோல் போனால், மருத்துவர் ஒவ்வொரு சிகிச்சையையும் ஒப்பிக்க வேண்டுமா? இல்லை. 2023-இல் மெக்கல்லக் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் எல்லையைத் தெளிவாக்கியது. எவையெல்லாம் ஏற்கத்தக்க மாற்று வழிகள் என்று பட்டியலிடுவது மருத்துவ அறிவு சார்ந்தது. அங்கே போலம் அளவுகோலே தொடரும். பட்டியலில் வந்துவிட்ட வழிகளையும் அவற்றின் ஆபத்துகளையும் நோயாளிக்குச் சொல்வது கட்டாயம், அங்கே மாண்ட்கோமரி. உயிர் போகும் அவசரத்தில், நினைவில்லாத நோயாளிக்குச் சிகிச்சை தர யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் பொது.

நம் ஊரில் ஒரு பெரிய தடை, கையெழுத்துப் பழக்கம். படிவம் பெரும்பாலும் தியேட்டர் வாசலில், கடைசி நேரத்தில், நர்ஸ் கையில் வருகிறது. நோயாளியை விட்டுவிட்டு ‘அட்டெண்டர் யாரும் இருக்கீங்களா?’ என்றுதான் தேடுகிறார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளே அறுவைக்கு ஒப்புதல் பற்றிப் பேசும்போது கணவன் அல்லது மனைவியை முதலில் சொல்லி, நோயாளியைக் கடைசியில் வைத்திருக்கின்றன. டெல்லி மருத்துவர் தாயிடம் போனது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை சாத்தியமானவையே. திட்டமிட்ட அறுவைக்கு முந்தைய நாளே, அறுவை செய்யப்போகும் மருத்துவரே பேச வேண்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும். எதைச் சொன்னோம், நோயாளி என்ன கேட்டார் என்று கேஸ் ஷீட்டில் நாலு வரி எழுத வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால், அச்சடித்த பத்துப் பக்கப் படிவத்தைவிட அந்த நாலு வரிதான் மருத்துவரைக் காப்பாற்றும்.

நோயாளிகளும் அந்த நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். என்ன செய்யப்போகிறீர்கள், எதற்கு? வேறு வழி உண்டா? முக்கியமான ஆபத்து என்ன? செய்யாவிட்டால் என்ன ஆகும்? திறந்து பார்த்த பிறகு வேறு ஏதாவது செய்ய நேருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

2008 தீர்ப்பின் முதல் பாதி இந்திய நோயாளிக்குத் தன் உடல்மீது உரிமை தந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தேவையான தகவலை எவ்வளவு தருவது என்பதை மட்டும் அது மருத்துவர்களிடம் விட்டுவைத்தது. உரிய வழக்கு வரும்போது உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வை அமைத்து இந்தப் பகுதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதுவரை நாடாளுமன்றமும் தேசிய மருத்துவ ஆணையமும் காத்திருக்கத் தேவையில்லை: ஒப்புதல் விதியில் நோயாளியின் பெயரை முதலில் எழுதுவதற்கு எந்தத் தீர்ப்பும் தடையாக இல்லை.